ஓரத்தில் ஒரு குறிப்பு

சக மாணவியின் கட்டுரை வரைவில் "அருமை" என்று எழுதித் தந்தால் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஊர் ஏரியைப் பற்றிய வரைவொன்றின் ஓரத்தில் பென்சிலில் இப்படி இருந்தது: "மதகு உடைந்த இரவு கண்முன் நின்றது. அதற்கு முன்னால் பரப்பளவு, ஆழம் என்று வரும் இரண்டு பத்திகளில் என் கவனம் நழுவியது. மதகிலிருந்தே தொடங்கினால் என்ன?"

நான் ரசித்தது இதைத்தான். இடத்தைச் சுட்டுகிறது, கட்டுரையைத் தீர்ப்பிடாமல், வாசித்தவருக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் சொல்கிறது. கேள்வியாக முடிவதால் முடிவு எழுதியவளிடமே இருக்கிறது. அந்த இரண்டு பத்திகளிலும் இருந்த ஒற்றுப்பிழைகளைத் தொடவில்லை. நீக்கப்படக்கூடிய பத்தியில் சந்தி திருத்துவானேன்? வாக்கியத்தைத் தானே மாற்றி எழுதித் தரவுமில்லை; பலருக்கு அந்தக் கை அடங்காது.