ஒரு சொற்பட்டியலின் அழகு

கலைச்சொற்களைப் பற்றிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் ஒரு தனிச் சொல்லைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, அது வடமொழியா தென்மொழியா, செவிக்கு இனிக்கிறதா உறுத்துகிறதா என்று விவாதிப்பதோடு திருப்தியடைந்துவிடுகிறார்கள். 1916ஆம் ஆண்டில் சேலத்தில் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் பரிபாஷைச் சங்கத்தைத் தொடங்கிய காலத்திலும், 1936இல் விபுலானந்த அடிகளின் தலைமையில் சென்னையில் சொல்லாக்க மாநாடு கூடிய காலத்திலும் நடந்த விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. நானும் நெடுநாள் அந்த விவாதத்திலேயே ருசி கண்டு கிடந்தவன்தான். ஒரு பாடத்துக்குரிய சொற்பட்டியலை, ஒரு கச்சேரியை ஆரம்பம் முதல் மங்களம் வரை கேட்பதுபோல, முழுதாக அனுபவிக்கலாம் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் திருவேற்காட்டில் வசிக்கும் ஒரு நண்பர்.

அவர் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கென்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சூழலியல் அத்தியாயம் ஒன்றைத் தமிழில் தரவேண்டிய பணி அவரிடம் வந்து சேர்ந்தபோது, முதல் வாரம் முழுவதும் அவர் எந்த அகராதியையும் திறக்கவில்லை. அத்தியாயத்தை மூன்று முறை படித்து, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஓர் அட்டை போட்டு, அந்தச் சொல் வருகிற வாக்கியங்கள் அனைத்தையும் அந்த அட்டையிலேயே எழுதிக்கொண்டார். அட்டையின் அடியில் தமிழ்ச் சொல்லுக்கான இடம். அங்கே பென்சிலால் மட்டுமே எழுதுவார். "சொல்லைத் தனியே நிறுத்திப் பார்த்தால் எல்லாச் சொல்லும் லட்சணமாகத்தான் இருக்கும் ஐயா, வாக்கியத்துக்குள் நடக்கவிட்டால்தான் எது நொண்டுகிறது என்று தெரியும்" என்றார்.

நொண்டுகிற சொல்லுக்கு அவர் காட்டிய முதல் உதாரணம், பத்திரிகைகளிலும் மேடைகளிலும் நன்றாக வேரூன்றிவிட்ட 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்பது. ஓரிடத்தில் எத்தனை வகை உயிர்கள் வாழ்கின்றன, அவை ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே மூலச் சொல்லின் கருத்து. தனியே கேட்கும்போது தமிழ்ச் சொல்லும் கம்பீரமாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் அட்டையில் இருந்த வாக்கியங்களில் பாதிக்கு மேல் இழப்பைப் பற்றியவை; 'பல்லுயிர்ப் பெருக்கம் குறைந்து வருகிறது', 'பல்லுயிர்ப் பெருக்க இழப்பு' என்று எழுதிப் பார்த்தால் பெருகுவதும் குறைவதும் ஒரே தொடருக்குள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. இதைவிட விபரீதம் ஒன்று அடுத்த பக்கத்திலேயே காத்திருந்தது. அங்கே 'மக்கள்தொகைப் பெருக்கம்' என்பது காடுகள் அழிவதற்குரிய காரணங்களில் ஒன்றாக வருகிறது. முந்திய பக்கத்தில் காப்பாற்ற வேண்டிய பெருக்கமும், அடுத்த பக்கத்தில் கட்டுப்படுத்த வேண்டிய பெருக்கமுமாக ஒரே சொல்லைப் படிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளை என்ன முடிவுக்கு வரும்?

'பன்மை' என்ற சொல்லையும் அவர் எடுத்துப் பார்த்தார். ஒருமை, பன்மை என்று இலக்கண வகுப்பில் படித்த மாணவனுக்கு அது எண்ணிக்கையைத்தான் சொல்லும். ஒரு தென்னந்தோப்பில் ஆயிரம் மரங்கள் இருந்தாலும் அங்கே வகை ஒன்றுதான் என்பதல்லவா இந்தப் பாடத்தின் உயிர்நாடி! கடைசியில் இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் 'உயிர்ப்பல்வகைமை'யையே எடுத்துக்கொண்டார். வாயில் சற்றுக் கனமாக விழுகிற சொல் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் 'வகை' என்ற சின்னச் சொல் அதன் நடுவில் உட்கார்ந்துகொண்டு பொருளைச் சொல்லிவிடுகிறது. அதற்கும் மேலே, மரபுப் பல்வகைமை, சிற்றினப் பல்வகைமை, சூழல் மண்டலப் பல்வகைமை என்று அந்த அத்தியாயம் பிரித்துக் காட்டும் மூன்று படிகளும் ஒரே கிளையில் பூத்த பூக்களாக அமைந்துவிடுகின்றன. வெளியுலகில் பிள்ளைகள் கேட்கப்போவது பழைய சொல்லைத்தான் என்பதால், பட்டியலில் 'பல்லுயிர்ப் பெருக்கம்' என்பதற்கும் ஒரு வரி ஒதுக்கி, 'உயிர்ப்பல்வகைமை காண்க' என்று வழிகாட்டி வைத்தார்.

இரண்டாவது சங்கடம் தமிழுக்கே சொந்தமானது. பசுந்தாவரங்கள் உணவை உண்டாக்குகின்றன. விலங்குகள் அதைத் தின்கின்றன. பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் இறந்தவற்றைச் சிதைத்து மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. இம்மூன்றுக்கும் 'உற்பத்தியாளர்', 'நுகர்வோர்', 'சிதைப்போர்' என்று எழுதினால், ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தொல்லை பிறக்கிறது. 'ஆளர்', 'ஓர்' ஆகிய ஈறுகள் உயர்திணைக்குரியவை; 'உற்பத்தியாளர்கள் சூரிய ஒளியைப் பயன்படுத்துகின்றன' என்றால் திணை வழுவாகும், 'பயன்படுத்துகின்றனர்' என்றாலோ அறுகம்புல் ஆலை முதலாளியாகிவிடும். நண்பர் நம் மொழியிலேயே தயாராக இருந்த 'இ' என்னும் விகுதியைத் தேடிப் பிடித்தார். ஊனுண்ணி, அனைத்துண்ணி, ஒட்டுண்ணி என்று வழங்குகிறோம் அல்லவா? அதே அச்சில் ஆக்கி, நுகரி, சிதைப்பி என்று வார்த்தார். மூன்றும் அஃறிணை, மூன்றுக்கும் 'கள்' சேர்த்தால் பன்மை, முதல்நிலை நுகரி, இரண்டாம்நிலை நுகரி என்று அடைமொழியையும் தாங்கும். 'சிதைப்பி' மட்டும் எனக்கு இன்னும் முழுமையாகப் பழகவில்லை. ஆனால் மூன்று சொற்களையும் ஒரு வரியில் சேர்த்து வாசிக்கும்போது, ஒரே கையால் செய்த மூன்று பாத்திரங்களை வரிசையாக வைத்ததுபோல் மனத்துக்கு இதமாக இருக்கிறது.

வகுத்த சொல் தன் அத்தியாயத்துக்குள் பொருந்தினால் போதாது. பாடநூலின் மற்ற அத்தியாயங்களோடும் சண்டையில்லாமல் இருக்க வேண்டும். 1935இல் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலர், உயிர்களையும் அவை வாழும் மண், நீர், காற்று ஆகியவற்றையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டுமென்று ஒரு புதிய சொல்லை வழங்கினார். அதைத் தமிழ்நாட்டில் 'சூழல் மண்டலம்' என்கிறோம். இலங்கையில் 'சூழற்றொகுதி' என்கிறார்கள். இலங்கைச் சொல்லே என் மனத்தைக் கவர்ந்தது. 'மண்டலம்' என்றவுடன் வட்டமான ஒரு பிரதேசம்தான் கண்முன் வருகிறது; 'தொகுதி'யிலோ பல உறுப்புகள் சேர்ந்து இயங்கும் தன்மை தொனிக்கிறது; நரம்புத் தொகுதி, சூழற்றொகுதி என்று அங்கே எல்லாம் ஒரு சீராகவும் இருக்கிறது. ஆகவே அதையே எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்தினேன். நண்பர் மறு பேச்சுப் பேசாமல் விலங்கியல் பகுதியைத் திறந்து நீட்டினார். அங்கே விலங்குலகத்தைப் பிரிக்கும் பெரும் பிரிவுகளுக்கு, துளையுடலிகள் முதல் முதுகுநாணிகள் வரை, 'தொகுதி' என்றே நம் பாடநூல் பெயர் வைத்திருக்கிறது. ஒரே புத்தகத்தில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கக்கூடாது. நரம்பு மண்டலம் என்று மாணவன் முன்பே படித்திருப்பதால், மண்டலம் என்பது சேர்ந்தியங்கும் அமைப்பையும் குறிக்கும் என்று ஒரு வாக்கியத்தில் நினைவூட்டிவிட்டு, அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டார். அதற்கு விலையாக, ஏரியின் கரையோரப் பகுதி, ஆழமான நடுப்பகுதி என்று பிரிக்கிற இடங்களிலெல்லாம் 'மண்டலம்' என்ற சொல்லை அடியோடு நீக்கி, 'பகுதி' என்று மாற்றினார். தனக்குப் பிடித்த சொல்லைவிட, சுற்றியிருக்கும் சொற்கள் இடம் கொடுக்கும் சொல்லைத் தேர்ந்துகொள்கிற இந்த விவேகத்தைத்தான் நான் கலை என்று மதிக்கிறேன்.

இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 'சிற்றினம்' என்பது இன்றைய உயிரியலில் நிலைபெற்றுவிட்ட சொல். திருக்குறளிலோ 'சிற்றினஞ் சேராமை' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது, அங்கே அது கீழோர் கூட்டத்தைக் குறிக்கும். ஒரே மாணவன் காலையில் ஒன்றும் மாலையில் மற்றொன்றும் படிக்கிறான். இருந்தும் குழப்பம் நேர்வதில்லை. பாடம் வேறானால் சொல் இரண்டு பொருளைத் தாங்கும். ஒரே அத்தியாயத்துக்குள் தாங்காது.

பட்டியலிலே என்னை மிகவும் கவர்ந்த பகுதி வெளியிலிருந்து வந்த உயிர்களைப் பற்றியது. ஆங்கில மூலத்தில் மூன்று சொற்கள் இருந்தன: ஓரிடத்திலேயே தோன்றி வளர்வது ஒன்று, வேறு தேசத்திலிருந்து கொண்டுவரப்பட்டது ஒன்று, கொண்டுவரப்பட்ட பின் தானாகப் பரவி மற்றவற்றை நெருக்கி ஒடுக்குவது ஒன்று. முதல் இரண்டுக்கும் நம் ஜனங்களிடம் ஏற்கெனவே சொற்கள் உண்டு. நாட்டுக்கோழி, நாட்டுமாடு என்கிறோம். சீமைப்பசு, சீமை அகத்தி என்கிறோம். 'நாட்டு', 'சீமை' என்ற இரண்டு முன்னொட்டுகளில் ஒரு விஞ்ஞானப் பாகுபாடே அடங்கியிருக்கிறது. பட்டியலில் 'நாட்டினம்', 'அயலினம்' என்று எழுதிவிட்டு, விளக்கத்தில் 'சீமை' என்ற வழக்கையும் அவர் சேர்த்துக்கொண்டார். மூன்றாவதற்கே யோசனை தேவைப்பட்டது. அயலிலிருந்து வந்ததெல்லாம் கேடு என்று மாணவன் எண்ணிவிடக் கூடாது. நம் குழம்பில் விழும் மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது, ஆனால் அது எந்தக் காட்டையும் விழுங்கவில்லை. 'ஆக்கிரமிப்பு' என்றால் பட்டாவும் நிலமும் நினைவுக்கு வரும் என்று அதை ஒதுக்கி, 'அடர்ந்து பரவும் அயலினம்' என்று நீளமாகவே வைத்தார். சொல்லாக அமையவில்லையே, தொடராக இருக்கிறதே என்று நான் குறைப்பட்டேன். "பொருள் தெளிவாக இருக்கிறது, சுருக்கம் பழக்கத்தில் வந்து சேரும்" என்றார்.

எல்லாம் முடிந்தபின் கடைசிச் சோதனை ஒன்று. பாடத்தை முன்பு பார்த்திராத ஒருவரிடம் தமிழ்ப் பிரதியைக் கொடுத்து, கலைச்சொல் வருகிற வாக்கியங்களை மட்டும் திரும்ப ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னார். 'பரவல்' என்ற சொல் அங்கே அகப்பட்டுக்கொண்டது. ஓர் இனம் எந்தெந்த இடங்களில் காணப்படுகிறது என்பதற்கும், விதை காற்றிலும் நீரிலும் போய் விழுவதற்கும் அந்த ஒரே சொல்லைத் தம்மையறியாமல் எழுதியிருந்தார். முன்னதற்கு 'பரம்பல்' என்றும், பின்னதற்கு 'விதை பரவுதல்' என்றும் பிரித்து, பதினோரு இடங்களில் திருத்தினார். அதன் பிறகுதான் பென்சில் எழுத்தின்மேல் மை ஏறியது.

உதாரணங்களை அவர் தொலைவில் தேடவில்லை. திருவேற்காடு என்ற பெயரே வேல மரக் காட்டைச் சொல்லுவது. வேதபுரீசுவரர் கோயிலின் தலவிருட்சம் வெள்வேல மரம். மெக்சிகோவையும் தென்னமெரிக்காவையும் தாயகமாகக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக் கருவேலம் இன்று தமிழ்நாடெங்கும் ஏரிக்கரைகளிலும் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கிறது. அட்டைகளில் 'நாட்டினம்' என்பதன்கீழ் அவர் எழுதியிருக்கும் உதாரணம் வெள்வேலம். 'அடர்ந்து பரவும் அயலினம்' என்பதன்கீழ் எழுதியிருப்பது சீமைக் கருவேலம்.