உடைந்து வந்த கிராபிக்ஸ் கார்டு: கூரியர் கிளெய்ம் எவ்வளவு தூரம் வேலை செய்கிறது?

புதிய கார்டை ஆன்லைன் கடையில் வாங்கி, அது உடைந்து வந்தால் கூரியரோடு நமக்குப் பேச்சே வேண்டாம். சேதமான பொருளைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. பழைய கார்டைத் தனி ஆளிடம் வாங்கும்போதுதான் கிளெய்ம் என்ற கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

வல்லக்கோட்டையில் எங்கள் மாடியில் குடியிருந்து ஒரகடத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் தம்பி, கோயம்புத்தூரில் ஒருவரிடம் 24,000 ரூபாய்க்கு ஆர்டிஎக்ஸ் 3070 வாங்கினார். பெட்டி ஒரு மூலை நசுங்கி வந்தது. ஓடிபி சொல்லிவிட்டால் ‘நல்ல நிலையில் டெலிவரி’ என்று பதிவாகிவிடும். அதனால் அதற்கு முன்பே டாக்கெட் எண் ஒட்டிய பக்கம், நசுங்கிய மூலை, மற்ற பக்கங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்தோம். டெலிவரி தம்பி நிற்கும்போதே கூரியரின் புகார் மெயிலுக்கு அந்தப் படங்களை அனுப்பினோம். டேப்பை வெட்டுவதிலிருந்து கார்டை வெளியே எடுப்பது வரை வெட்டில்லாத ஒரே வீடியோ.

மேலோட்டமாகப் பார்த்தால் ஸ்லாட் பக்கத்துத் தகடு வளைந்திருந்தது, அவ்வளவுதான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோதுதான், தங்கப் பற்களுக்குச் சற்று மேலே ஒரு கெபாசிட்டர் இருந்த இடம் காலியாகத் தெரிந்தது. கார்டு சுற்றி வந்த ஆன்டி ஸ்டாட்டிக் கவரை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால், எள்ளளவு பழுப்புத் துண்டு ஒன்று விழுந்தது. பெயர்ந்த கெபாசிட்டரேதான்! கவரைக் குப்பையில் போட்டிருந்தால் எங்கள் முதல் சாட்சி போயிருக்கும். பயணத்துக்கு முன்பே பெயர்ந்திருந்தால் அந்தத் துண்டு கவருக்குள் கிடக்க வாய்ப்பு மிகக் குறைவு.

போர்டில் விரிசல் தெரிந்தால் கரண்ட் கொடுக்கக் கூடாது. கொடுத்த பிறகு எது கருகினாலும் அது நம் தலையில்தான் விழும். இதில் விரிசல் இல்லை. மாட்டிப் பார்த்தோம். திரையில் படம் சுத்தமாக வந்தது, ஆனால் GPU-Z-இல் Bus Interface வரியில் `PCIe x16 4.0 @ x8 4.0` என்று நின்றது. சும்மா இருக்கும்போது 4.0 என்பது 1.1 ஆகக் குறைவது இயல்பு, மின்சாரத்தை மிச்சப்படுத்தத்தான். x16 என்பது லோடு கொடுத்த பிறகும் x8 ஆகவே நின்றால் பாதை அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. அதே ஸ்லாட்டில் வேறு கார்டு x16 காட்டியது. விற்றவர் அனுப்புவதற்கு முன் எடுத்த வீடியோவிலும் x16. பழுது எங்கே வந்தது என்பது இதோடு முடிந்தது.

கிளெய்ம் போட வேண்டியவர் புக் செய்தவர். கோயம்புத்தூர்க்காரர் எங்களுக்கு அதிகாரக் கடிதம் கொடுத்தார். டாக்கெட் நகல், பழைய பில், யுபிஐ ரசீது, படங்கள், சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழுது மதிப்பீடு எல்லாம் சேர்த்து அனுப்பினோம். பார்வையிட வந்தவர் கார்டைத் தொடுவதற்கு முன் பெட்டியைத்தான் கேட்டார். உள்ளே எவ்வளவு பஞ்சு, எவ்வளவு இடைவெளி என்பதைத்தான் பார்த்தார். ‘பேக்கிங் போதாது’ என்பதுதான் வழக்கமான மறுப்பு. பெட்டி கையில் இல்லாதவருக்கு அதற்குப் பதிலே கிடையாது.

தொகைதான் கசப்பான இடம். டாக்கெட்டில் ‘ஓனர் ரிஸ்க்’ என்று இருந்தது. 2007-இன் சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 2011 விதிகளும், கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்டாத சரக்குக்குக் கட்டணத்தின் 10 மடங்கு வரைதான் பொறுப்பு என்கின்றன, அதுவும் அறிவித்த மதிப்பைத் தாண்டாமல். கட்டணம் 220 ரூபாய் என்பதால் உச்சம் 2,200. பணம் மிச்சம் என்று மதிப்பை 500 என எழுதியிருந்தால் உச்சமே 500! கையெழுத்திட்ட கூரியர் சீட்டிலுள்ள வரம்பு நம்மைக் கட்டும் என்று பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இலேயே சொல்லிவிட்டது. அங்கே வரம்பு 100 டாலர்.

அதனால் 24,000 கேட்டு மல்லுக்கட்டாமல், கெபாசிட்டர் மாற்றித் தகட்டை நிமிர்த்த ஆகும் 1,800 ரூபாயை மட்டும் கேட்டோம். பதில் இழுத்தபோது எழுத்துப்பூர்வ நோட்டீஸ் அனுப்பினோம். புக்கிங் நாளிலிருந்து 180 நாளுக்குள் அது போகவில்லையென்றால் வழக்கே நிற்காது. நோட்டீஸுக்குப் பிறகு தொகை வந்தது. வராமல் போயிருந்தால், நாம் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

கார்டு செத்தே வந்திருந்தால் இந்த வழியில் 2,200 ரூபாயோடு நின்றிருக்கும். முழு மதிப்பும் வேண்டுமென்றால் புக்கிங்கின்போதே எஃப்ஓவி கட்டணம் கட்டி, டாக்கெட்டில் ‘கேரியர் ரிஸ்க்’ என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதா என்று பார்த்து வாங்கும்படி விற்பவரிடம் சொல்லுங்கள்.