திருத்திய மடலும் திரிந்த பொருளும்

ஆங்கிலத்தைக் குறைவாக அறிந்த ஒருவர் எழுதிய செய்தியைத் திருத்தி எழுதுவதை இலக்கணப் பணி என்றே நம்மிற் பலரும் கருதி வருகின்றனர். எழுவாய்க்கு இசைந்த வினை, உரிய காலம், விடுபட்ட சார்படை ஆகியவற்றைச் சரிசெய்துவிட்டால் மடல் சீராகிவிடும் என்பது எண்ணம். ஆங்கில வகுப்புகளிற் சிவப்பு மையாற் குறியிட்டுப் பிழைகளை எண்ணும் வழக்கம் இவ்வெண்ணத்தை உறுதிப்படுத்தியுள்ளது. இவ்வெண்ணம் தவறு என்பதை நான் திருத்திய மடல் ஒன்றைக் கொண்டே காட்டலாம் என நினைக்கின்றேன். அதிலுள்ள தவறுகள் என்னுடையவை.

உறவுமுறையில் எனக்குச் சித்தப்பாவாகும் ஒருவர் வளைகுடா நாடொன்றில் எட்டு மாதம் வேலைசெய்து திரும்பியவர். நிலுவைச் சம்பளம் கேட்டுத் தம் முன்னாள் முதலாளிக்கு அவரே ஆங்கிலத்தில் ஒரு மடல் எழுதி, அதைத் ‘திருத்தித் தரும்படி’ என்னிடம் தந்தார். அதன் மூன்று வாக்கியங்களே ஈண்டு முக்கியமானவை. முதலாவது, ‘ஓல் சலரி நொட் கம்’. இரண்டாவது, ‘சுப்பவைசர் ரோல்ட் ஐ வில் பே நெக்ஸ்ற் மன்த்’. மூன்றாவது, ‘வீ கான் கோ லேபர் ஒபிஸ்’.

முதல் வாக்கியத்தை ‘எனக்கு எந்தச் சம்பளமும் கிடைக்கவில்லை’ என்ற பொருள்படத் திருத்தினேன். ஆங்கிலத்தில் அது வழுவற்ற வாக்கியம். சித்தப்பாவுக்கு வாசித்தும் காட்டினேன். ‘ஓம் தம்பி, நல்லாய் இருக்கு’ என்றார். இரண்டு கிழமையில் முதலாளியிடமிருந்து பதில் வந்தது. ஆறு மாதச் சம்பளத்துக்குச் சித்தப்பா கையொப்பமிட்ட பற்றுச்சீட்டுகளின் பிரதிகள் அதனோடு இணைக்கப்பட்டிருந்தன. பொய்யுரைப்பவரோடு மேலும் தொடர்புகொள்ள விருப்பமில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. கிடைக்காதது இரண்டு மாதச் சம்பளம் மட்டுமே. அதை அவர் மறைக்கவில்லை. நான்தான் அவரை அவ்வாறு பேசவைத்தேன்.

இத்தவறு எங்கிருந்து வந்தது? ‘எல்லாரும் வரவில்லை’ என்று தமிழிற் கூறினால் ஒருவரும் வரவில்லை என்றும் பொருள்படும். சிலர் வந்தனர், முழுப்பேரும் வரவில்லை என்றும் பொருள்படும். எதிர்மறை ‘எல்லாம்’ என்பதைத் தன்னுள் அடக்குகின்றதா, அன்றி அதற்குள் அடங்குகின்றதா என்பதைப் பேசுவோரின் அழுத்தமும் சூழலுமே தெளிவாக்குகின்றன. சித்தப்பாவின் ஆங்கிலம் அந்த ஈரடியை அப்படியே சுமந்து வந்தது. திருந்திய ஆங்கிலமோ இரண்டுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும்படி என்னை நெருக்கிற்று. தெரிந்தெடுக்கின்றேன் என்ற உணர்வே இல்லாமல் நான் தெரிந்தெடுத்தேன்.

பிரயோக மொழியியலாளர் பிற் கோடர் 1971இல் வெளியிட்ட கட்டுரையொன்றில் இத்தகைய வாக்கியங்களைப் பொருள்கொள்ளும் முறையை வகுத்துக் காட்டியுள்ளார். எழுதியவரையே கேட்டுப் பெறும் மீட்டமைப்பு ஒன்று. சூழலைக் கொண்டு நாமே ஊகித்துப் பெறும் மீட்டமைப்பு மற்றொன்று. எழுதியவரின் தாய்மொழி தெரிந்திருந்தால், பிழைபட்ட வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் அம்மொழிக்குப் பெயர்த்து, அங்கே பொருள்கண்டு, பின்னர் திருந்திய வடிவுக்குக் கொண்டுவரலாம் என்றும் அவர் கூறுகின்றார். தாய்மொழி ஒன்றாகவே இருந்தும் இதை நான் செய்யவில்லை. ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கே நேராகத் தாவினேன். ஆயினும் கோடரின் நோக்கம் கற்பவரின் மொழியை ஆராய்வது என்பதை நாம் மறத்தலாகாது. ஆய்வாளன் தன் ஊகம் பிழைத்தால் அட்டவணையைத் திருத்திக்கொள்வான். மடலில் ஊகம் பிழைத்தால் எழுதியவரின் வாய்மைக்கே கேடு வரும்.

இரண்டாம் வாக்கியத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. ‘ஐ’ என்பதை மடல் எழுதியவராகவே கொண்டேன். சம்பளம் வாங்கவேண்டியவர் எவ்வாறு சம்பளம் கொடுப்பார் என்று மயங்கி, ‘அடுத்த மாதம் எனக்குச் சம்பளம் வழங்கப்படும் எனக் கூறப்பட்டது’ என்று செயப்பாட்டுவினையில் அமைத்தேன். அலுவலக நடைக்கு அது பொருத்தமாகவும் தோன்றிற்று. சித்தப்பா மனத்திற் கொண்ட வாக்கியமோ, ‘நான் அடுத்த மாதம் தருவேன் என்று சுப்பவைசர் சொன்னார்’ என்பது. ‘என்று’ என்னும் சொல் பிறர் கூற்றை அவர் சொன்னபடியே தாங்கி நிற்பது. அங்கே ‘நான்’ என்பவர் சுப்பவைசர். ஆங்கிலத்தில் அது அயற்கூற்றாகி, ‘தாம் தருவதாக அவர் கூறினார்’ என மாறவேண்டும். என் திருத்தத்திற் சம்பளம் என்ற செய்தி தப்பியது. வாக்குக் கொடுத்த மனிதர் மறைந்துவிட்டார். கோரிக்கையின் வலிமையெல்லாம் அந்த ஒருவரிலேயே தங்கியிருந்தது.

மூன்றாம் வாக்கியத்தில் நான் ஓர் இடைச்சொல்லையும் ஒரு சார்படையையும் மட்டும் சேர்த்தேன். வேறு பிழை எதுவும் தென்படவில்லை. இத்தகைய வாக்கியத்தையே கோடர் மறைவான வழுவுடையது என்பார்: புறத்தே இலக்கணம் அமைந்திருக்கும், எழுதியவர் கருதியது வேறாக இருக்கும். முதலாளி அதை எச்சரிக்கையாக வாசித்தார். ‘நாங்கள் தொழில் அலுவலகத்துக்குப் போக முடியும்’ என்றே அவருக்குப் பட்டது. சித்தப்பா கருதியதோ, ‘நாம் தொழில் அலுவலகத்துக்குப் போகலாம்’ என்பது. இருவரும் சேர்ந்து போய், அங்குள்ள அலுவலர் முன்னிலையிற் பேசித் தீர்ப்போம் என்ற அழைப்பு அது. கேட்போரை உளப்படுத்தும் ‘நாம்’, உளப்படுத்தாத ‘நாங்கள்’ என்ற வேறுபாடு ஆங்கிலத்தின் தன்மைப் பன்மையில் இல்லை. நம் இலக்கண நூலார் வழு, வழாநிலை, வழுவமைதி எனப் பகுத்தனர். வழாநிலைபோல் நிற்கும் இவ்வழுவை எந்தச் சிவப்பு மையும் கண்டுபிடிக்காது.

இரண்டாம் மடலை எழுத அமர்ந்தபோது ‘இது சரியா?’ என்று நான் கேட்கவில்லை. அக்கேள்விக்கு அவர் எப்போதும் ஓம் என்றே விடையளிப்பார். படித்த பிள்ளை எழுதியது பிழையாக இருக்குமா என்பது அவர் எண்ணம். எத்தனை மாதச் சம்பளம் கைக்கு வந்தது, தருவதாகச் சொன்னவர் யார், அலுவலகத்துக்குப் போவது யார் யார் எனக் கேட்டேன். ஒவ்வொரு திருத்தத்தையும் தமிழிலே திருப்பிச் சொன்னேன். முதல் மடலின் வாக்கியங்களையும் அவ்வாறே தமிழிற் சொன்னபோதுதான், ‘நான் உப்பிடிச் சொல்லேல்லையே’ என்றார்.

எழுதியவரை அணுகமுடியாத வேளையும் உண்டு. அப்போது ஈரடியை ஈரடியாகவே விடும் தொடரைத் தேடவேண்டும். ‘எனக்குச் சேரவேண்டிய சம்பளம் நிலுவையாக உள்ளது’ என்றால் இரு பொருளுக்கும் அது பொய்யாகாது. தெளிவு சற்றுக் குறையும் என்பது உண்மையே. எனினும் எழுதியவர் சொல்லாத ஒன்றை அவர் பெயராற் சொல்வதிலும் அக்குறை சிறிது.

சேர்ப்பதெல்லாம் மிகையுமன்று. ‘கிவ் மை மணி’ என்று மடலில் ஓரிடத்தில் வந்தது. ‘தயவுசெய்து’ என்ற பொருள்தரும் சொல்லை அங்கே சேர்த்தேன். அவர் நினைத்தது ‘தாருங்கோ’ என்பது. அவ்விகுதியிலுள்ள மரியாதைக்கு ஆங்கில ஏவல்வினையில் இடமில்லாமையால் அது வழியிலே விழுந்துவிட்டது. விழுந்ததை எடுத்து வைத்தேன். அவர் நினையாத ‘தாழ்மையுடன் வேண்டுகின்றேன்’ என்பதைச் சேர்த்திருந்தால் அது வேறு மனிதரின் குரலாகியிருக்கும். (நம் விண்ணப்பங்கள் பலவும் அவ்வேறு மனிதராலேயே எழுதப்படுகின்றன.)

இரண்டாம் மடல் முதலாவதிலும் நீளம் குறைந்தது. ஆறு மாதச் சம்பளம் கிடைத்தது, இரண்டு மாதத்துக்குரியது கிடைக்கவில்லை, முன்னைய மடலிலுள்ள கூற்று திருத்தி எழுதியவரின் தவறு என்று அதில் எழுதினோம். வந்த பதிலில் ஒரு கேள்வி மட்டுமே இருந்தது: பணம் தருவதாகச் சொன்ன சுப்பவைசர் யார், எப்போது சொன்னார்?