எந்த இரவு?

எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் மூன்று நாள் முன்பே ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: “வரும் 15ஆம் தேதி இரவு 12 மணி முதல் 4 மணி வரை பராமரிப்புப் பணி காரணமாக நமது ஊர் செல்போன் டவர் இயங்காது. பொதுமக்கள் ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.”

டவர் ஊராட்சியுடையது அல்ல. கம்பெனி சொன்னதை ஊருக்குச் சொன்னதே நல்ல காரியம். அழைப்புகள் குறைந்த நேரத்தில் பேட்டரியும் கேபிளும் மாற்றுவதும் சரிதான். ஆனால் படித்த நாங்கள் நாலு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டோம்.

பொறியாளருக்கு 15ஆம் தேதி என்பது நள்ளிரவு 12 மணிக்கே பிறந்துவிடும். நம் ஊர்க்காரருக்கு நாள் விடிந்தால்தான் நாள். பின்னிரவு இரண்டு மணியையும் முந்தைய நாள் ராத்திரியோடுதான் சேர்ப்போம். ஆக கம்பெனி சொன்னது 14 இரவு படுத்து 15 விடியும் இரவு. ஊரில் பாதிப்பேர் அடுத்த இரவுக்குத் தயாரானார்கள். ஒரு நாள் பிசகினால் அறிவிப்பே இல்லாததற்குச் சமம்.

பிசகினால் என்ன ஆகும் என்பதைத் தோட்டத்தில் பார்க்கலாம். இரவில் மும்முனை மின்சாரம் வரும் இடங்களில் பலர் கிணற்று மோட்டாரை சிம் போட்ட மொபைல் ஸ்டார்ட்டரில் ஓட்டுகிறார்கள். ஆட்டோவில் விட்டிருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும். சிக்னல் இல்லாவிட்டால் வீட்டிலிருந்து நிறுத்த வழியில்லை, டார்ச் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டியதுதான். முன்கூட்டித் தெரிந்தவர் அன்று ஆட்டோவை எடுத்துவிட்டுப் படுப்பார்.

இன்னும் பெரிய குறை, எந்தெந்த கம்பெனி சிக்னல் போகும் என்று சொல்லாதது. ஒரே கம்பத்தில் இரண்டு மூன்று கம்பெனிகளின் ஆன்டெனா இருப்பது சாதாரணம். ஒன்று மட்டும் நின்று, வேறு கம்பெனி சிக்னல் எட்டினால் திரையில் Emergency calls only என்று வரும், 112 போகும். கம்பத்துக்கே மின்சாரத்தை நிறுத்தி, பக்கத்து ஊர் டவரும் எட்டாவிட்டால் No service. அப்போது 112-ம் இல்லை, 108-ம் இல்லை. நிறைமாதக் கர்ப்பிணி இருக்கும் வீட்டுக்கு இந்த வித்தியாசம்தான் முக்கியம். அதைச் சொல்லாமல் ஒத்துழைப்பு கேட்கிறார்கள். தூங்குவதைத் தவிர நாங்கள் என்ன ஒத்துழைக்க?

ஊராட்சியின் எண்ணத்தில் குறையில்லை, வாசகம் தேறாது. அடுத்த முறை இப்படி எழுதலாம்: “14 செவ்வாய் இரவு படுத்து 15 புதன் விடிவதற்குள், 12 மணி முதல் 4 மணி வரை, எந்த கம்பெனி சிக்னலும் இருக்காது. மொபைல் ஸ்டார்ட்டரை ஆட்டோவிலிருந்து எடுத்துவிடவும். அவசரத்துக்கு ஊராட்சி அலுவலக வாசலில் வண்டியும் டிரைவரும் இருப்பார்கள்.” அந்தக் கடைசி வரியை எழுத, வண்டியை நிறுத்தியாக வேண்டும்.