மியூட் போடாத அழைப்பு

"பழைய பாட்டு எந்த சேனல்லப்பா வரும்?" என்றுதான் அந்தப் பெரியவர் எப்போதும் ஆரம்பிப்பார். செட்டாப் பாக்ஸ் வாடிக்கையாளர் சேவையில் எனக்கு இரவு ஷிஃப்ட். கணக்கைத் திறந்தால்தான் பெயரைச் சரிபார்க்க வேண்டும். சேனல் எண் சொல்ல அது வேண்டாம். முதல் நாள் பெயர் கேட்டேன். "பேரு எதுக்கு? நம்பரைச் சொல்லு" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

எங்களில் நெடுநேரம் சும்மா இருப்பவருக்கே அடுத்த அழைப்பு வரும். பகலில் அதே ஆள் மறுபடி கிடைப்பது அபூர்வம். அவர் கூப்பிடும் அதிகாலை மூன்று மணிக்கு எங்கள் வரிசையில் நாலைந்து பேர்தான் என்பதால், வாரத்தில் இரண்டு முறையாவது அவர் என்னிடமே வந்துவிடுவார்.

தகவல் தேடும்போது மியூட் போட வேண்டும், அல்லது ஹோல்டில் வைக்க வேண்டும் என்பது பயிற்சியில் சொன்னது. ஒரு இரவு மறந்துவிட்டேன். விசைப்பலகைச் சத்தமும் பக்கத்து இருக்கைப் பேச்சும் அவருக்குக் கேட்டிருக்கிறது. "அங்க ஆள் நடமாட்டம் இருக்கு போல" என்றார். அந்தக் குரலில் அப்படியொரு நிம்மதி. அதற்குப் பிறகு அவருக்கு மட்டும் மியூட் போட்டதில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி கிறீச்சிடும், ரிமோட் பொத்தான் அமுங்கும், பாட்டு வரும். இருவரும் கொஞ்சம் கேட்போம்.

அவரால் கூடும் நிமிடங்களை ரீசார்ஜ் அழைப்புகளைச் சீக்கிரம் முடித்து ஈடுகட்டுவேன். சராசரி நேரம் ஏறினால் டீம் லீடர் கூப்பிட்டுவிடுவார். அழைப்பு முடிந்ததும் காரணம் பதிய வேண்டும். ஒவ்வொரு முறையும் 'பொது விசாரணை' என்றே பதிந்தேன்.

வைக்கும் முன் கேட்பார்: "நாளைக்கும் நைட்டாப்பா?"

"ஆமாங்கய்யா."