கீழ்வீடு, லிஃப்ட், கைப்பிடி: விளம்பரம் சொல்வதும் விடுவதும்

'தரைத்தளம், லிஃப்ட் வசதி, பாத்ரூமில் கைப்பிடி, பெரியவர்களுக்கு ஏற்ற வீடு.' வாடகை விளம்பரங்களில் இப்படி ஒரு வரி இப்போது சகஜமாகிவிட்டது. நாகூர் போன்ற ஊரில் இந்த வரிக்குக் கூடுதல் கனம் உண்டு. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். வயதான உம்மாவும் வாப்பாவும் ஊரில் இருப்பார்கள். வீட்டைத் தேர்ந்தெடுப்பவர் வெளிநாட்டில் உட்கார்ந்து நாலு படத்தையும் இந்த வரியையும் மட்டுமே பார்க்கிறார். குடியேறப் போகிறவருடைய முழங்கால் அந்த வீட்டை முதல்முறை சந்திப்பது அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான்.

இந்த வழக்கத்தை நான் வரவேற்கிறேன். எழுதப்படும் விதத்தில்தான் எனக்குக் குறை. பொருள்கள் இருப்பதை விளம்பரம் சொல்கிறது, வழியைச் சொல்வதில்லை. வயதானவர் ஒரு வீட்டில் புழங்க முடியுமா என்பதைத் தீர்மானிப்பது தெருவிலிருந்து கட்டில் வரை, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை உள்ள பாதை. அதில் ஓர் இடம் அடைத்துக்கொண்டால் மற்ற வசதிகள் அத்தனையும் வீண்.

தரைத்தளத்தையே எடுத்துக்கொள்வோம். மாடிப்படி இல்லை என்று மட்டும்தான் அதற்குப் பொருள். படியே இல்லை என்று பொருளில்லை. ஐப்பசி கார்த்திகை மழையில் தண்ணீர் நிற்கும் டெல்டாவில் வீட்டை உயர்த்திக் கட்டுவதுதான் புத்தி. அதனால் பழைய வீடுகளில் திண்ணை ஏறித்தான் வாசல். தளம் தெருவைவிட இரண்டரை அடி, அதாவது ஏறக்குறைய 75 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டால், ஒரு படிக்கு 15 செ.மீ. வீதம் ஐந்து படிகள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடலாமே என்றால், கட்டட விதிகள் கேட்பது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம். 75 செ.மீ. ஏற 9 மீட்டர் வேண்டும். தர்காவைச் சுற்றியுள்ள குறுகலான தெரு எதிலும் 9 மீட்டரை நீட்ட இடமிருக்காது. நீட்டினால் எதிர்வீட்டு வாசலில் போய் முடியும்.

இதற்கு நேர்மாறான வீடும் உண்டு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே திரும்பத் திரும்பப் போட்டதில், படி ஏறிப் போன வீடு இன்று தெருமட்டத்துக்கு வந்திருக்கும். விளம்பரக்காரர் 'படியே இல்லை' என்று எழுதலாம், அது உண்மையும்கூட. அடைமழையில் அந்த வாசல் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும் என்பதையும் அவர் எழுத வேண்டும். ஆக, தரைத்தளம் என்ற சொல்லோடு இரண்டு விவரம் சேர்ந்தால்தான் அது தகவல்: தெருவிலிருந்து எத்தனை படி, கடந்த மழைக்குத் தண்ணீர் எதுவரை வந்தது.

வாசலைத் தாண்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இனி நிலைப்படி, நடை, கூடம், கடைசியில் கழிப்பறை. பழைய வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட்டைப் பிற்பாடு சேர்க்கும்போது, குழாய் போகத் தரையை ஒரு படி உயர்த்திவிடுவார்கள். கதவுக்கு இரண்டரை அடி விடுவார்கள். நிலைச்சட்டமும் கதவின் கனமும் போக நிற்கும் இடைவெளி 65 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். சாதாரண சக்கர நாற்காலியின் அகலமும் ஏறக்குறைய அதே 65 செ.மீ. தள்ளுகிறவரின் கைவிரல் முட்டி உரசும், அல்லது நாற்காலியே நுழையாது. 'வெஸ்டர்ன் டாய்லெட் உண்டு' என்ற வரி இங்கே பொய்யில்லை. அதுவரை போய்ச் சேர முடியாது, அவ்வளவுதான்.

லிஃப்டில் ஏமாற்றம் இன்னும் எளிது, ஏனென்றால் லிஃப்ட் என்ற சொல்லே நிம்மதி தருகிறது. சிறிய குடியிருப்புகளில் வைப்பது பெரும்பாலும் நான்கு பேர் அல்லது ஆறு பேர் லிஃப்ட். இந்தியத் தர அளவுகளின்படி நான்கு பேர் லிஃப்டின் உள்ளகலம் 1100 மி.மீ., ஆழம் 700 மி.மீ. ஆறு பேருக்கு ஆழம் 1000 மி.மீ. சாதாரண சக்கர நாற்காலியின் நீளம் கால்மிதியோடு ஏறக்குறைய 1050 மி.மீ. முதல் வகையில் நாற்காலி ஏறவே ஏறாது. இரண்டாவதில் கால்மிதியைக் கழற்றினால் ஏறும், ஆனால் கூட ஒருவர் நிற்பது பெரும்பாடு. எட்டுப் பேர் லிஃப்ட், 1300-க்கு 1100, நாற்காலிக்குப் போதும். ஸ்ட்ரெச்சர் அதிலும் போகாது. நோயாளியைப் போர்வையில் தூக்கிப் படி வழியாக இறக்குவார்கள். மாதிரிக் கட்டட விதிகள் சக்கர நாற்காலிக்குப் பரிந்துரைப்பது பதின்மூன்று பேர் லிஃப்ட்: 2000-க்கு 1100, வாசல் 900. லிஃப்டுக்குள்ளே ஒட்டியிருக்கும் தகட்டில் எத்தனை பேர், எத்தனை கிலோ என்று இருக்கும், ஆளுக்கு 68 கிலோ கணக்கில். விளம்பரத்தில் அந்த எண்ணை மட்டும் போட்டால்கூடப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபின் இந்தக் கரையோரத்தில் பல இடங்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. மின்தடை வந்தால் லிஃப்டை அடுத்த தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்கும் பேட்டரிக் கருவியைக் காட்டி 'பேக்கப் உண்டு' என்பார்கள். அது உள்ளே மாட்டியவரை வெளியே விடும். மறுபடி மேலே ஏற்றாது. அதற்கு ஜெனரேட்டர் வேண்டும்.

கைப்பிடிக்கு வருவோம். படத்தில் பளபளக்கும் குழாய் துண்டு போடும் கம்பியா, ஆளைத் தாங்கும் பிடியா என்று தெரியாது. வழுக்கும்போது உடம்பின் எடை முழுவதும் ஒரே இழுப்பில் அதன்மேல் விழும். நாகூரின் பழைய சுவர்களில் சுண்ணாம்புக் காரையும் உப்பேறிய செங்கலும் இருக்கும்; ஸ்க்ரூ காரையில் மட்டும் நின்றால் ஒருநாள் காரையோடு வந்துவிடும். கடற்காற்றில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ டைல்ஸுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் அரித்துப்போகும். எஃகில் 304 ரகமும் பழுப்பேறும். 316 ரகம் தாங்கும். சோதிக்க எளிய வழி: இரண்டு கையாலும் பிடித்து உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து இழுக்க வேண்டும். ஆடினாலோ, ஸ்க்ரூவைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தாலோ, அந்தப் பிடி இருப்பதைவிட இல்லாததே மேல். நம்பிப் பிடிக்க வைத்துக் கைவிடும்.

இத்தனை அளவும் எழுதிவிட்டால் போதுமா? போதாது. பக்கவாதத்தில் வலது கை விழுந்தவருக்கு வலப்பக்கச் சுவரில் உள்ள பிடி எத்தனை உறுதியாக இருந்தும் பயனில்லை. அதனால்தான் 'பெரியவர்களுக்கு ஏற்றது' என்ற தீர்ப்பை விளம்பரக்காரர் எழுதக் கூடாது என்கிறேன். 'உட்கார்ந்தவரின் இடப்பக்கம் பிடி, இருக்கை உயரம் 45 செ.மீ., கதவில் நுழைய 65 செ.மீ.' என்று அவர் எழுதட்டும். ஏற்றதா என்பதை உம்மாவின் எந்த முழங்கால் வலிக்கிறது என்று தெரிந்த மகள் சொல்லட்டும்.

வீட்டுக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது. அளவை எழுதியபின் யாராவது விழுந்தால் தன்மேல் பழி வரும் என்று அஞ்சுகிறார். மாற்றி அமைக்கச் செலவழித்தால் வாடகையில் ஏற்றுவார். வயதானவரிடமிருந்தே அது போகும். சிங்கப்பூரில் இந்தச் சுமையை அரசே பெரும்பகுதி ஏற்கிறது: 2012-ல் தொடங்கிய ஈஸ் என்ற திட்டத்தில் வீட்டுவசதிக் கழக அடுக்ககங்களில் முதியோர் வீட்டுக்குக் கைப்பிடியும் வழுக்காத தரையும் மானியத்தில் கிடைக்கின்றன. அங்கே பிள்ளை கண்டு பழகிய வசதியை இங்கே ஒரு வரி விளம்பரத்தில் எதிர்பார்ப்பதில் சங்கடம் இருக்கிறது.

இங்கே நம்மிடம் இருப்பது 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம். எந்தப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு, எது குடியிருப்பவர் பொறுப்பு என்று அட்டவணை போட்டிருக்கிறது. புதிதாகக் கைப்பிடி பதிப்பது பழுதுபார்ப்பு அல்ல. ஆகவே ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே வழி. பிடியைக் கழற்றினால் டைல்ஸில் நாலு ஓட்டை நிற்கும், காலி செய்யும்போது அட்வான்ஸில் அதற்குப் பிடித்தம் வரும். 'கழிப்பறைச் சுவரில் குடியிருப்பவர் செலவில் இரண்டு பிடி பதிக்கலாம், காலி செய்யும்போது அவற்றை அப்படியே விட்டுச் செல்லலாம், பிடித்தம் கிடையாது' என்று ஒரு வரி விளம்பரத்திலேயே வந்தால், ஏற்கனவே மாட்டி வைத்த பளபளப்பான கம்பியைவிட அதையே நான் பெரிதாக மதிப்பேன்.