ஒரு சொல், மூன்று தொகை: சொற்புதிர்ச் சோதனையில் புணர்ச்சியின் இடம்

தொடர்பற்றவை போலத் தோன்றும் மூன்று சொற்களைத் தந்து, அம்மூன்றன் முன்னோ பின்னோ நின்று தொகையாகும் ஒரு சொல்லைக் கண்டறியச் செய்வது உளவியலில் அறியப்பட்ட சோதனைமுறையாகும். சார்னஃப் மெட்னிக் 1962இல் படைப்பாற்றலை அளக்கும் நோக்கில் இதன் மூலவடிவத்தை முன்வைத்தார். அதில் பொருள் தொடர்பு, தொகை எனப் பலவகை இயைபுகள் கலந்திருந்தன. போடன், யுங்-பீமன் ஆகிய இருவரும் 2003இல் வெளியிட்ட 144 வினாக்கள் தொகைச்சொற்களையும் சொற்றொடர்களையும் மட்டுமே அடிப்படையாகக் கொண்டன. இம்முறையைத் தமிழுக்குக் கொணரும்போது எழும் இடர் ஒன்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆங்கில வினாக்களுள் ஒன்று 'ஏஜ், மைல், சாண்ட்' என்பது; விடை 'ஸ்டோன்'. விடைச்சொல் முதலாவதற்கு முன்னும் மற்றவற்றிற்குப் பின்னும் நிற்கிறது. எங்கு நின்றாலும் அதன் வடிவம் மாறுவதில்லை. தமிழில் 'மா, வேர், பலகை' என்பவற்றிற்கு 'மரம்' விடையாகும். பின் நிற்கையில் 'மாமரம்' எனச் சொல் முழுமையாக உள்ளது. முன் நிற்கையில் 'மரவேர்' என மகரம் கெடுகிறது. 'மரப்பலகை'யில் மகரம் கெடுவதோடு பகரமும் தோன்றுகிறது. ஆகவே, விடை காண்பவர் பொருளைத் தேடுவதோடு புணர்ச்சியையும் பிரித்தறிய வேண்டியுள்ளது.

'நீர், ஆடி, மணி' என்னும் வினா இதனைத் தெளிவாக்கும். விடை 'கண்'. 'கண்மணி' இயல்புப் புணர்ச்சி. 'கண்ணாடி'யில் தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டிக்கிறது. 'கண்ணீரி'ல் நகரம் ணகரமாகத் திரிகிறது. பொருள்நிலையிலும் இவ்வினா நன்கமைந்தது. 'ஆடி' திங்களையும் 'மணி' ஒலிக்கும் பொருளையும் முதலில் நினைவூட்டுவதால் விடை தேடுவோர் திசைமாறுகின்றனர். எனினும், ஒருவர் விடைகாணத் தாழ்த்தால் அத்தாழ்வு இத்திசைமாற்றத்தால் நேர்ந்ததா, 'கண்ணீரு'க்குள் 'நீர்' மறைந்திருப்பதால் நேர்ந்ததா என்பதை இவ்வொரு வினாவைக்கொண்டு உறுதிசெய்ய இயலாது. படைப்பாற்றலின் அளவாக அதனைக் கொள்வது பிழையாகும்.

விடை ஒன்றேயாதல் வேண்டும் என்பது மற்றொரு நிபந்தனை. 'மரம், இலை, பூ' எனத் தந்தால் 'வேம்பு' பொருந்தும்: வேப்பமரம், வேப்பிலை, வேப்பம்பூ. 'புளி'யும் பொருந்தும்: புளியமரம், புளியிலை, புளியம்பூ. 'மா'வும் விலக்கன்று. தரப்படும் சொற்கள் ஒரே பொருட்புலத்தைச் சார்ந்திருப்பின் அப்புலத்தின் உறுப்புகள் பலவும் விடையாகிவிடும். தமிழில் பெயரோடு பெயர் எளிதில் தொகையாவது இக்குறையை மேலும் பெருக்குகிறது. எனவே அகராதியில் தனிச்சொல்லாக இடம்பெற்ற தொகைகளையே ஏற்பது என்னும் வரையறை இன்றியமையாதது.

இயல்புப் புணர்ச்சி மட்டும் அமைந்த வினாக்களை ஒரு தொகுதியாகவும், விகாரப் புணர்ச்சி அமைந்தவற்றை மற்றொரு தொகுதியாகவும் பிரித்து, ஒரே குழுவினரிடம் இரண்டையும் அளந்து ஒப்பிடுவதே பொருத்தமான வழியாகும். இரு தொகுதிகளின் சொற்களும் வழக்கில் ஒத்த அளவு பயில்வனவாக இருத்தல் வேண்டும். அவ்வாறாயின் இரண்டிற்கும் இடையே காணும் கால வேறுபாட்டைப் புணர்ச்சியின் பங்காகக் கருதலாம். அப்பங்கை நீக்கிய பின்னரே எஞ்சுவதைப் பொருள்தேடலின் அளவாகக் கொள்ள இயலும்.